வளர்படம்

அம்மாவின் தோலுக்குப் புதுத்துணி ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து ஏறிய பிறகு மருத்துவமனைப் போர்வைகூட உராய்ந்து சிவந்தது. துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பருத்திதான் வேண்டும் என்றாள். பாட்டி வீட்டு அலமாரியில் தாத்தாவின் வேட்டிகள் இருக்கும் என்று சாவியைக் கொடுத்து என்னைக் குளச்சலுக்கு அனுப்பினாள்.

பாட்டி இப்போது கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஞாபகம் கலையத் தொடங்கியபின் வீடு பூட்டியே கிடக்கிறது. அலமாரியைத் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியில், பாட்டி பூசைக்குப் போகும்போது தலையில் போடும் முக்காட்டுத் துணியில் சுற்றி, ஓர் ஆல்பம் இருந்தது.

முதல் பக்கங்களில் எல்லோருக்கும் தெரிந்த படங்கள். தாத்தா, படகு, தேவாலயத்தில் அம்மா நற்கருணை வாங்கிய முதல் நன்மை நாள். பிறகு ஒரு பக்கத்தில் பாட்டி நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். பச்சைப் பட்டு. அவள் பக்கத்தில் நான் பார்த்தேயிராத ஓர் இளைஞன். வெள்ளைச் சட்டை, நெடிய கழுத்து, சிரிக்கலாமா என்று யோசிப்பது போன்ற வாய். பாட்டி அவன் கையை முழங்கைக்கு மேலே பிடித்திருந்தாள். சட்டைத் துணி அவளது விரல்களுக்கு நடுவே கசங்கியிருந்தது. அப்படி யாரையும் பாட்டி பிடித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த பக்கங்களிலும் அவன்தான். வேறு வேறு சட்டை. பாட்டிக்கு மட்டும் நரை கூடிக்கொண்டே போனது.

வேட்டிகளோடு ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

"இது யாரும்மா? பாட்டிக்கு ஆள் இருந்திருக்குமோ?" என்று சும்மா கேட்டேன். அம்மா சிரிக்கட்டும் என்றுதான்.

அம்மா சிரிக்கவில்லை. படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். இடது புருவத்தின் மேல் விரலை வைத்தாள். அங்கே முடி முளைக்காத சின்னக் கோடு ஒன்று இருந்தது.

"ஆன்றோ" என்றாள்.

"எந்த ஆன்றோ?"

"எனக்க அண்ணன்."

அம்மாவுக்கு அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. அன்றுதான் சொன்னாள். நாற்பத்தேழு வருடங்களுக்கு முன்பு, இரண்டாயிரத்து நாலில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி வந்தபோது அவனுக்கு மூன்று வயது. புருவத்துக் காயம் அதற்கு முன்பே கட்டில் முனையில் பட்டது. உடல் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களையெல்லாம் அடையாளம் பார்க்க நேரமில்லாமல் சேர்த்து அடக்கம் செய்தார்கள். பாட்டி அந்தக் குழியருகே போகவே இல்லை. அவனுடைய ஒரே ஒரு படம் சித்தி வீட்டில் தப்பியிருந்தது. அதற்கு மாலை போட யாரையும் விடவில்லை.

"ஒரு பிள்ள போதும்னு சுனாமிக்கு முன்னாடியே உன் பாட்டிக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு. பிள்ளைய இழந்த அம்மமாருக்கு வெட்டின குழாயத் திரும்பச் சேத்து வைக்க அரசாங்கம் ஆப்பரேஷன் பண்ணிக் குடுத்துது. அப்பிடிப் பிறந்தவதான் நான். பதிலுக்குப் பெத்த பிள்ள." அம்மா ஆல்பத்தை மூடினாள். உடனே திரும்பத் திறந்தாள். "அவன் சாகல எடி. பாத்தியா? வளந்திருக்கான்."

அம்மாவுக்கு இரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் நளினகுமாரி சொல்லியிருந்தார். உலகப் பதிவேட்டில் பொருந்தும் ஆள் இல்லை. அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. நான் ஒரே பிள்ளை. என்னுடையது பாதி பொருந்தும். பிள்ளைக்கும் தாய்க்கும் எப்போதும் பாதிதான். இந்தக் காலத்தில் பாதியே போதும். ஆனால் என் பாதியை அம்மாவின் இரத்தம் ஏற்கவில்லை.

"உன்ன வயித்துல சுமந்தப்ப, நீ உன் அப்பாகிட்டேருந்து எடுத்த திசு அடையாளத்த அம்மாவோட உடம்பு அந்நியம்னு குறிச்சு வச்சிருக்கு" என்று டாக்டர் எனக்கு விளக்கினார். "அதுக்கு எதிரா இரத்தத்துல எதிர்ப்புப் பொருள் நிறைய இருக்கு. உன் செல்லை உள்ள விட்டா ஊன்றவிடாம அடிச்சிரும். அம்மாவோட கூடப் பிறந்தவங்க இருந்தா வேற கதை. முழுசாப் பொருந்த நாலுல ஒரு வாய்ப்பு. பாதி பொருந்த நாலுல ரெண்டு. உன் அப்பாவோட அடையாளம் அவங்ககிட்ட இருக்காது, இந்தத் தொல்லையும் வராது."

அன்று, கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்று அம்மா தலையசைத்திருந்தாள்.

இப்போது நாலில் மூன்று. நான் மனதுக்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். பாட்டிக்கு என்னைத் தெரியவில்லை. யாரோ டீச்சர் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தாள். படத்தைக் காட்டியதும் உட்கார்ந்தாள்.

"ஆன்றோ."

"எங்க இருக்கான் பாட்டி?"

"கப்பல்ல."

"எந்தக் கப்பல்?"

"எண்ணெய்க் கப்பல். பெருசு. திருவிழாவுக்கு வருவான்." என் கையைத் தட்டினாள். "மீன் வாங்கணும். அவனுக்கு நெய்மீன் தான் இறங்கும்."

வாசலில் சிஸ்டரிடம் கேட்டேன். "எங்ககிட்டயும் எப்பவும் இதான் சொல்லுவாங்க. மகன் வெளிநாட்டுல இருக்காருன்னு நாங்க நினைச்சோம்" என்றார்.

நான் விலங்கியல் படிக்கிறேன். பாட்டிக்கு வந்திருக்கும் மறதி நோயில் புதிய ஞாபகம் முதலில் அழியும், பழையது கடைசிவரை நிற்கும் என்று படித்திருக்கிறேன். இன்று காலை சாப்பிட்டதை மறந்தவள் மகனின் கப்பலை நினைவில் வைத்திருக்கிறாள் என்றால், கப்பல் உண்மை. அப்படித்தான் கணக்குப் போட்டேன். நீண்ட காலம் சொல்லிச் சொல்லி வந்த ஒரு பொய்யும் பழைய ஞாபகம்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு முகத்தில் இரத்தமும் வந்தது.

"கள்ளி. எத்தன வருஷம் மறைச்சு வச்சிருக்கு. யாரோ எடுத்து வளத்திருப்பாங்க. பெருசானப்புறம் தேடி வந்திருப்பான். எங்கிட்ட ஏன் சொல்லணும்? அசல் வந்தப்புறம் பதிலுக்கு என்ன வேல?"

"அம்மா, அப்பிடி இல்ல..."

"இருக்கட்டும். வரட்டும் அவன். மொதல்ல காத பிடிச்சுத் திருகுவேன். அப்புறம் மஜ்ஜைய எடுப்பேன்."

அன்று இடியாப்பம் கேட்டாள். இரண்டு சாப்பிட்டாள். தாதி ரெமிலா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அடுத்த நாட்களில் அம்மா வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணனிடம் கேட்க வேண்டியவற்றை என்னிடம் ஒத்திகை பார்த்தாள். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா, பிள்ளைகள் உண்டா, நான் அவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம். அண்ணன் என்ற சொல்லை நாற்பத்து நாலு வயதில் முதன்முறையாக வாய்க்குப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

இரத்த உறவைத் தேட மருத்துவமனையிலேயே ஒரு பிரிவு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கையெழுத்திட்டால், கடலோடிகள், கடவுச்சீட்டு, ஓட்டுநர் பதிவகங்கள் எல்லாவற்றிலும் ஒரு முகத்தைத் தேடலாம். அங்கே வேலை பார்க்கும் விபின் ஆல்பத்துப் படம் ஒன்றை நகலெடுத்துக் கணினிக்குள் கொடுத்தார். பதில் வந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார்.

"கப்பல்காரங்கள்ல யாரும் இல்ல. ஒரே ஒரு பொருத்தம். யாருன்னு பாரு."

அம்மாவின் கடவுச்சீட்டுப் படம்.

"அண்ணன் தங்கச்சின்னா சாயல் இருக்கும்ல?" என்றேன்.

"சாயல் இருந்தா நூத்துக்கு நாப்பது, அம்பது காட்டும். இது தொண்ணூறுக்கு மேல. இரட்டைப் பிள்ளைங்களா?"

"இல்ல. ஆறு வயசு வித்தியாசம்."

அவர் படத்தைத் திருப்பி மேலும் கீழும் பார்த்தார். "இதுல உன் பாட்டிக்கு எத்தன வயசு? அம்பத்தொண்ணா? இருபத்து மூணுல பெத்தாங்கன்னா அப்ப மகனுக்கு இருபத்தெட்டு இருக்கணும். இந்தப் பயலுக்கு இருபத்திரண்டுக்கு மேல ஒரு நாள் இருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எடுத்த ஸ்டுடியோவுல போய்க் கேளு மக்களே. அதுவரைக்கும் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத."

படத்தின் மூலையில் மேடாக அழுத்தியிருந்தது: டார்வின் ஸ்டுடியோ. குளச்சல் சந்தைக்குப் பின்னால் இன்னும் இருந்தது. டார்வின் இறந்துவிட்டார். மகள் ஷைனி நடத்துகிறார். அம்மாவைவிடச் சற்று இளையவர். முதல் நன்மைக்கு வந்த ஒரு பையனின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர்கள் போனபின் ஆல்பத்தை வாங்கிப் பார்த்தார்.

"திரேசம்மா அக்கா" என்றார். "உயிரோட இருக்காங்களா?"

"இவர் யாரு?"

"அவங்க மகன். வளர்படம்." நான் விழிப்பதைப் பார்த்து, "உங்க வயசுக்காரங்களுக்குத் தெரியாது. இப்ப தடை பண்ணியாச்சு" என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

"போன பிள்ளைய வளத்துக் காட்டுறது. அந்தக் காலத்துல இந்தக் கடற்கரைல எங்களுக்கு அதான் தொழிலு. காணாமப் போன பிள்ளைங்களுக்குப் போலீஸ்ல முன்னாடியே கையால வரைவாங்க. அதையே மெஷின் பண்ண ஆரம்பிச்சுது. மூணு வயசுப் படம் ஒண்ணு இருந்தாப் போதும். கண்ணு அதிகமா வளராது. மூணு வயசுலயே முக்காவாசி வளந்திரும். அதனாலதான் குழந்தைங்களுக்குக் கண்ணு பெருசாத் தெரியும். வளர்றது கீழ்முகம். தாடை இறங்கும், மூக்குத்தண்டு எழும்பும், கன்னம் வடியும், பால்பல் விழுந்து பெரிய பல்லு வந்தா வாயே மாறும். காது நீளும், ஆனா மடிப்பு அப்பிடியே இருக்கும். தழும்பு போகாது."

"அது எப்பிடி வளரணும்னு மெஷினுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுக்குத்தான் கூடப் பிறந்தவங்க படம் வேணும். இருபது வயசு முகம் வேணும்னா, அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த இன்னொருத்தரோட இருபது வயசு முகம். நேரா ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, பல்லு தெரிய ஒண்ணு. சின்னப் பிள்ளை படத்துல இல்லாதத எல்லாம் அதுலேருந்து எடுத்து நிரப்பிக்கும். உங்க அம்மா ஒரே பிள்ளதானே. அப்ப இதுல..." படத்தின் மேல் கையை விரித்தார். "கண்ணும் புருவமும் காதும் ஆன்றோ. மத்தது எல்லாம் உங்க அம்மா பெல்சியா. எலும்பை மட்டும் ஆம்பிளைக்குத் தக்க கனமாக்கியிருக்கோம்."

"பாட்டி கையைப் பிடிச்சிருக்காங்களே. சட்டை கசங்கியிருக்கு."

ஷைனி அக்கா தன் இடது கையைத் தொட்டார்.

"அது எங் கை. வெறும் காத்துல கையை வச்சா விரலு பொய் சொல்லும். பிடிக்க ஒரு ஆள் வேணும். அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு, பலகை மேல ஏறி நான் நிப்பேன். அப்பத்தான் நிழலு சுவத்துல சரியா விழும். வெளிச்சம் எந்தப் பக்கம் வருதுங்கிறதுக்கு கண்ணுல ஒரு புள்ளி விழும் பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல விழணும். அப்புறம் என்னை எடுத்துட்டு அவனை வைப்போம். அக்கா பிடிச்ச பிடில ரெண்டு நாள் வலிக்கும்."

"அப்ப பாட்டிக்குத் தெரியும்."

"தெரியாமயா? செஞ்ச படம்னு கோப்புக்குள்ள அடையாளம் வைக்கணும்னு சட்டம். அடிச்ச காகிதத்துல அதெல்லாம் வராது. கோப்பு வேண்டாம், காகிதம் மட்டும் குடுங்கன்னு வாங்கிட்டுப் போவாங்க. அந்தா அந்த பெஞ்சுல உக்காந்து கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் போவாங்க. அப்பாகிட்ட ஒருநாள் கேட்டாங்க, இவனுக்கு என்ன வேலைன்னு சொல்லலாம்னு. அப்பாவுக்கு என்ன சொல்லன்னு தெரியல. கப்பல்ல போட்டிரும்மான்னாரு. கப்பல்காரன்னா வீட்டுல இல்லேன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

அவர் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினார்.

"பிறகு உங்க அம்மா வீட்டை விட்டுப் போயி கல்யாணம் பண்ணிக்கிட்டா. அதுவரைக்கும் அக்கா வருஷா வருஷம் பழசத் திருப்பிக் குடுத்துட்டுப் புதுசு வாங்குவாங்க. அப்புறம் அவளோட புதுப் படம் இல்ல. இவன் இருபத்திரண்டுலயே நின்னுட்டான்." ஆல்பத்தை மூடித் தந்தார். "தப்புன்னு இப்ப சொல்லுதாங்க. அன்னைக்கு வாசல்ல நிக்குற அம்மமார்கிட்ட அத யாராலயும் சொல்ல முடியல."

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னேன். ஷைனி அக்காவின் கையைப் பற்றிச் சொன்னேன். கண்ணும் காதும் மட்டும் அவனுடையவை என்றேன். மற்றதையும் சொன்னேன்.

அம்மா தன் தாடையைத் தடவிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா என்னை அந்த ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போகும்" என்றாள். "புதுச்சட்டை. தலை வாரி, பவுடர் போட்டு. அந்தால திரும்பு, இந்தால திரும்பு, பல்லக் காட்டு. படம் எடுத்து முடியுற வரைக்கும் என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கும். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் அம்மா என்னை அப்பிடிப் பாக்கும். எனக்கு அந்த நாளுக்காகவே..."

ஆல்பத்தைக் கேட்டாள். கடைசிப் படத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கான்" என்றாள். "என்னை மாதிரி."

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும். வராந்தாவில் நடக்கவில்லை. இல்லாத ஒருவன் அவளுக்குக் கொடுத்த பலத்தை, இல்லாமலே திரும்ப எடுத்துக்கொண்டுபோய்விட்டான். நான் ஆல்பத்தை அலமாரியிலேயே விட்டிருந்தால் என்று நினைத்தேன். அந்த நினைப்பாலும் ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் நளினகுமாரி வந்தார். மிச்சமிருப்பது ஒரே வழி. இரத்தத்தை வெளியே எடுத்து எதிர்ப்புப் பொருட்களை வடித்துவிட்டு, புதிதாகச் சுரக்காமல் மருந்து கொடுத்து, அந்த இடைவெளியில் என் செல்களை ஏற்றுவது. ஊன்றலாம். ஊன்றாமலும் போகலாம். அப்படிப் போனால் திரும்ப வழியில்லை.

"அவளுக்கு வலிக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"மகளுக்கா? இடுப்பு ரெண்டு நாள் வலிக்கும்."

"அப்ப சரி." என்னைப் பார்த்தாள். "உன்னைச் சுமந்தப்பவே உன்னை வேண்டாம்னு சொல்லியிருக்கு இந்த உடம்பு. இப்ப கெஞ்சிக் கேக்கணும்."

திங்கட்கிழமை தனியறைக்குப் போக வேண்டும். அதற்குள் நுழைந்தால் பல வாரங்கள் யாரையும் பார்க்க முடியாது. அதற்கு முன் பாட்டியிடம் போக வேண்டும் என்றாள். டாக்டர் திட்டினார், பிறகு முகக்கவசத்தோடு ஒருமணி நேரம் அனுமதித்தார். வண்டியில் போகும்போது, ஒரே ஒரு கேள்வி கேட்கப் போவதாக மட்டும் சொன்னாள். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை.

பாட்டி மரத்தடியில் சக்கர நாற்காலியில் இருந்தாள். வெயில். கொஞ்ச தூரம் நடந்ததற்கே அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. முகக்கவசத்தைக் கழற்றினாள். தலையில் கட்டியிருந்த வேட்டித் துண்டையும் அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். மருந்தில் முடி முழுவதும் போயிருந்தது. கன்னம் ஒட்டி, தாடை எலும்பு எடுத்திருந்தது. கழுத்து நீளமாகத் தெரிந்தது. என்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள்.

பாட்டி நிமிர்ந்தாள். நான் பாட்டியின் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஒரு கணம் அலைந்தன. பிறகு நின்றன.

"வந்துட்டியா ஆன்றோ" என்றாள்.

அம்மாவின் கையில் துண்டு அப்படியே இருந்தது.

பாட்டி கையை நீட்டி அம்மாவின் முழங்கைக்கு மேலே பிடித்தாள். "மெலிஞ்சிட்டியே மக்களே. கப்பல்ல சோறு தரமாட்டானா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. பிறகு நாற்காலியின் முன்னால் மெல்ல மண்டியிட்டாள்.

"தருவான்மா" என்றாள்.

"தங்கச்சியப் பாத்தியா?"

"...இல்ல."

"போய்ப் பாரு. பாவம் அவ. நான் அவள நேராப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. பாத்தா அவ முகத்துல நீ வந்திருவ. அப்புறம் அவளக் காணாது." பாட்டி பிடியைத் தளர்த்தவில்லை. "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. நீ சொல்லு, அண்ணன் சொன்னாக் கேப்பா. அம்மா தேடுதுன்னு சொல்லு."

"சொல்லுதேன்."

"மறக்காமச் சொல்லணும்."

"சொல்லுதேன்மா."

"திரும்ப எப்பம் போணும்?"

"திங்கக்கிழம."

"எத்தன நாளு?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "தெரியாது. பெரிய கப்பல்" என்றாள்.

பாட்டி தலையசைத்தாள். கப்பல்காரனின் தாய்க்கு அது புதிதல்ல. இரண்டு கைகளாலும் அந்த முகத்தைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். முதலில் ஒரு பக்கம். பிறகு மறு பக்கம். அம்மா கண்ணை மூடாமல், திருப்பிய பக்கமெல்லாம் திரும்பினாள்.

நேரமாயிற்று என்று சிஸ்டர் வந்து சொன்னார். நான் கீழே கிடந்த துண்டை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று அம்மா தலையசைத்தாள். பாட்டி பார்த்துக்கொண்டிருக்க, வண்டி வரைக்கும் அந்த வெயிலில் அப்படியே நடந்து வந்தாள்.